மதியம் 3 மணிக்கு மந்தமாகும் மூளை: கடினமான வேலையை எந்த நேரத்தில் வைப்பது?

காலை 10 மணிக்கு ஒரே மூச்சில் படித்துப் புரிந்துகொண்ட ஒரு பக்கத்தை, மதியம் 3 மணிக்கு மூன்று முறை படித்தும் மனசில் நிற்காமல் போனதுண்டா? அது அதே பக்கம்தான், அதே ஆள்தான். நாட்குறிப்பில் இரண்டுமே ஒரே அளவுள்ள கட்டங்களாக இருக்கும். நாமும் வேலைகளை அப்படித்தான் அடுக்குகிறோம்: எது முதலில் வந்ததோ, எந்தக் கட்டம் காலியோ, அங்கே. ஆனால் உடம்புக்கு எல்லாக் கட்டமும் ஒன்றல்ல.

இதைப் பலர் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்: 'காலையில் கடினமான வேலையைச் செய்யுங்கள்.' அது சிலருக்குப் பொருந்தும், சிலருக்கு நேர் எதிராகப் போகும். உங்கள் உச்சம் எப்போது, சரிவு எப்போது என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. அதை ஒரு ஆளை வைத்துச் சொல்கிறேன். அதற்கு முன், இந்த ஏற்ற இறக்கம் ஏன் வருகிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

இரண்டு விசைகள்

விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது சேரச் சேரத் தூக்கம் நம்மை இழுக்கும். இதைத் தூக்க அழுத்தம் என்று சொல்லலாம். தூங்கும்போது அது கரைகிறது. காபியில் இருக்கும் கஃபீன் அடினோசினைக் குறைப்பதில்லை. அடினோசின் போய் உட்காரவேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். சேர்ந்த கடன் அப்படியே இருக்கிறது, அறிவிப்பு மட்டும் நம்மை வந்து சேர்வதில்லை.

இரண்டாவது விசை உடம்பின் கடிகாரம். மூளையின் ஹைப்போதாலமஸ் பகுதியில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பு அணுக்கள் கொண்ட ஒரு சிறு முடிச்சு இருக்கிறது. கிட்டத்தட்ட 24 மணி நேரச் சுற்றில் அது இயங்குகிறது. கண்ணில் படும் வெளிச்சத்தை வைத்துத் தன்னைத் தினமும் சரிசெய்துகொள்கிறது. 'விழித்திரு' என்ற சைகையை அது பகலில் படிப்படியாகக் கூட்டி, மாலையில் உச்சத்துக்குக் கொண்டுபோய், இரவில் இறக்குகிறது. தூக்க அழுத்தம், உடல் கடிகாரம் என்ற இந்த இரண்டையும் சேர்த்து 1982-இல் ஒரே விளக்க மாதிரியாக முன்வைத்தவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த தூக்க ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பெலி. இன்றும் தூக்கம் பற்றிப் பேசுகிறவர்கள் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

இப்போது இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். எழுந்த கொஞ்ச நேரத்தில் அழுத்தம் குறைவு, ஆகையால் தெளிவு. மதியம் ஆகும்போது அழுத்தம் கணிசமாகச் சேர்ந்துவிட்டது, ஆனால் கடிகாரத்தின் சைகை இன்னும் முழுவதுமாக ஏறவில்லை. நடுவே ஒரு பள்ளம் விழுகிறது. மாலையில் சைகை உச்சத்துக்குப் போய் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிறது, அப்போது இரண்டாவது தெளிவு. வழக்கமாகப் படுக்கப்போகும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் தூங்குவது கடினமாக இருக்கும், கவனித்திருப்பீர்கள். களைத்துப்போய்ச் சீக்கிரமே படுக்கையில் விழுந்தும் தூக்கம் வராமல் புரள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மதியப் பள்ளத்துக்குச் சாப்பாடுதான் காரணம் என்று நினைக்கிறோம். சாப்பிடாமல் இருந்தவர்களிடமும் அது தெரிகிறது. வயிறு நிறையச் சாப்பிட்டால் பள்ளம் ஆழமாகும், அது உண்மை. ஆனால் பள்ளத்தைத் தோண்டியது சாப்பாடு இல்லை.

இன்னொரு சிறு பள்ளமும் உண்டு: எழுந்த உடனே வருவது. தூக்கத்திலிருந்து மூளை முழுதாக வெளியே வர 15 முதல் 30 நிமிடம், சில சமயம் ஒரு மணி நேரம்கூட ஆகும். கண் விழித்ததும் படுக்கையிலேயே முக்கியமான மின்னஞ்சலுக்குப் பதில் எழுதும் பழக்கம் எனக்கும் இருந்தது. அந்தப் பதில்களைப் பிற்பாடு படித்தபோது, வேறு யாரோ எழுதியதுபோல இருந்தது.

நீங்கள் எந்தப் பக்கம்?

இந்த அலையின் வடிவம் பெரும்பாலோருக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் கடிகாரத்தில் அது தொடங்கும் இடம் ஆளுக்கு ஆள் மாறும். அதைக் கணிக்க ஒரு எளிய கணக்கு இருக்கிறது: விடுமுறை நாளில், அலாரம் இல்லாமல் தூங்கும்போது, தூக்கத்தின் நடுப்புள்ளி எந்த நேரத்தில் விழுகிறது என்று பார்ப்பது. ஜெர்மனியைச் சேர்ந்த டில் ரோன்னெபெர்க் குழுவினர் உருவாக்கிய கேள்வித்தாளின் அடிப்படை இதுதான்.

மாலதி என்று ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கற்பனை செய்துகொள்வோம். வேலை நாட்களில் அவர் இரவு 12 மணிக்குத் தூங்கி 6:30-க்கு அலாரம் வைத்து எழுகிறார், ஆறரை மணி நேரம். விடுமுறையில் இரவு 1 மணிக்குத் தூங்கி காலை 9 மணிக்குத் தானாக எழுகிறார், எட்டு மணி நேரம். விடுமுறைத் தூக்கத்தின் நடுப்புள்ளி அதிகாலை 5 மணி.

ஆனால் அந்த எட்டு மணி நேரத்தில் ஒரு பகுதி வாரம் முழுக்கச் சேர்ந்த கடனை அடைத்தது. ஆகவே சிறு திருத்தம் தேவை. வாரச் சராசரி: ஐந்து நாள் ஆறரை, இரண்டு நாள் எட்டு, மொத்தம் 48.5 மணி நேரம். ஏழால் வகுத்தால் ஏறக்குறைய 7 மணி நேரம். விடுமுறையில் சராசரியைவிட ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்குகிறார். அதில் பாதியை, அதாவது அரை மணி நேரத்தை, 5 மணியிலிருந்து கழித்தால் 4:30. இதுதான் மாலதியின் எண். அண்ணளவாகச் சொன்னால், 3 மணிக்கு முன்னால் என்றால் அதிகாலைப் பறவை, 5:30-க்குப் பின்னால் என்றால் ஆந்தை, இடையில் இருப்பவர்கள் நடுத்தரம். மாலதி நடுத்தரம், கொஞ்சம் ஆந்தைப் பக்கம் சாய்வு.

வேலை நாளில் அவர் தூக்கத்தின் நடுப்புள்ளி அதிகாலை 3:15. விடுமுறைக்கும் அதற்கும் ஒன்றேமுக்கால் மணி நேர வித்தியாசம். வாரா வாரம் வெள்ளிக்கிழமை மேற்கே ஒரு ஊருக்குப் பறந்து, திங்கட்கிழமை திரும்பி வருவது மாதிரிதான். திங்கட்கிழமை காலை 8 மணிக்கு அவர் எவ்வளவு முயன்றாலும் கூர்மை வராததற்கு மன உறுதியின் குறைபாடு காரணமில்லை, உடம்புக்கு அப்போது இன்னும் விடியவில்லை.

உணர்வை நம்பாதீர்கள், அளந்து பாருங்கள்

இந்த எண் ஒரு யூகத்தைத்தான் தருகிறது. உறுதி செய்ய அளவெடுக்க வேண்டும். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள், மாலதியும் முதலில் தவறினார்.

அவர் முதலில் செய்தது: ஒரு நோட்டில் நாள் ஒன்றுக்கு ஐந்து முறை, 9:30, 11:30, 2:30, 4:30, 7 மணிக்கு, எவ்வளவு தெளிவாக இருக்கிறேன் என்று 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டார். நல்ல தொடக்கம். ஆனால் ஐந்து நாள் கழித்துப் பார்த்தால், எல்லா மதிய வரிகளிலும் 2, எல்லாக் காலை வரிகளிலும் 4. சந்தேகப்படும் அளவுக்கு ஒழுங்காக இருந்தது. காலையில் அவர் செய்தது மின்னஞ்சலும் கோப்புப் பெயர் மாற்றுவதும். மதியம் செய்தது கடினமான சட்ட ஆவணத்தின் முதல் வரைவு. இந்த நோட்டில் நேரம் கடினமா, வேலை கடினமா என்று எப்படிப் பிரிப்பது? மதியம் சோர்வாக உணர்ந்தது ஆவணத்தின் குறும்பாகவும் இருக்கலாம்.

சரி, இரண்டாவது முறை அவர் ஒரே மாதிரி வேலையை வெவ்வேறு நேரத்தில் செய்து பார்த்தார். அதே ஆவணத்திலிருந்து நாளொன்றுக்கு மூன்று பக்கம்: ஒன்று காலை 10 மணிக்கு, ஒன்று மதியம் 2:30-க்கு, ஒன்று மாலை 5:30-க்கு. கடினமான பக்கங்கள் எப்போதும் ஒரே நேரத்தில் வந்துவிடாதபடி வரிசையை மாற்றி மாற்றி வைத்தார். முடித்த நேரத்தைப் பக்கத்தின் பின்புறத்தில் எழுதினார், முன்புறத்தில் எழுதவில்லை. மறுநாள் காலை மூன்று பக்கங்களையும் கலந்து வைத்துத் திருத்தினார், எத்தனை பிழை என்று எண்ணினார். எந்த நேரத்தில் செய்தது என்று தெரிந்தே திருத்தியிருந்தால், மதியப் பக்கத்தில் பிழை தேடுவதில் இன்னும் கொஞ்சம் ஆர்வம் வந்திருக்கும். அது இயல்பு.

பத்து வேலை நாட்கள் இதைச் செய்தார். பத்து நாள் ஏன்? ஒரு நாள் நன்றாகத் தூங்காமல் போகலாம், இன்னொரு நாள் தலைவலி வரலாம். மூன்று நாள் அளவில் இவை முழுப் படத்தையும் குலைத்துவிடும். முந்தின இரவு எத்தனை மணி நேரம் தூங்கினார், எத்தனை மணிக்குக் காபி குடித்தார் என்பதையும் ஒரு வரியில் குறித்தார். நான்கு மணி நேரம் மட்டுமே தூங்கிய ஒரு நாளைக் கணக்கிலிருந்து ஒதுக்கி, அதற்குப் பதிலாக இன்னொரு நாளைச் சேர்த்துக்கொண்டார்.

அவர் கண்டது இது. ஒரு பக்கம் முடிக்க எடுத்த நேரம் மூன்று வேளையிலும் கிட்டத்தட்ட ஒன்றே: 40 முதல் 45 நிமிடம். பிழை எண்ணிக்கைதான் மாறியது. காலையில் பக்கத்துக்கு ஐந்து, மாலையில் ஆறு, மதியத்தில் பதினொன்று. அதுவும் என்ன மாதிரிப் பிழைகள்? 'ஒப்பந்தத்தை முறிக்கலாம்' என்பது 'முறிக்க வேண்டும்' என்று ஆகியிருந்தது. ஒரு 'இல்லை' காணாமல் போயிருந்தது. வேகம் குறைந்திருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும். வேகம் குறையாமல் கவனம் மட்டும் நழுவியதால், இத்தனை காலம் அவருக்குத் தெரியவே இல்லை. சரிவில் இருக்கும் மூளை தன் சரிவைத் தானே சரியாக அளக்காது. அதனால்தான் மதிப்பெண் மட்டும் போதாது, வேலையிலேயே எண்ணக்கூடிய ஏதாவது ஒன்று வேண்டும்.

உங்கள் வேலை மொழிபெயர்ப்பாக இல்லாவிட்டாலும் அப்படி ஒன்று கிடைக்கும். நிரல் எழுதுபவருக்கு முதல் முயற்சியில் எத்தனை சோதனைகள் தேறின, மாணவருக்கு ஒரே கடினத்துள்ள பத்துக் கணக்கில் எத்தனை சரி, கணக்குப் பார்ப்பவருக்கு இரண்டாவது பார்வையில் பிடிபட்ட தவறுகள். ஒன்று போதும், ஆனால் எல்லா வேளையிலும் அதே ஒன்றாக இருக்க வேண்டும்.

நாளை மாற்றி அடுக்குவது

மாலதியின் பழைய நாள்: 9 முதல் 10:30 வரை மின்னஞ்சலும் சில்லறை வேலைகளும், 10:30-க்குக் கூட்டம், மதியம் 2 மணிக்கு முதல் வரைவு. 'சின்னதை எல்லாம் தீர்த்துவிட்டு நிம்மதியாகப் பெரியதில் உட்காரலாம்' என்பது அவர் வாதம். நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் அந்த நிம்மதிக்கு அவர் கொடுத்த விலை, தன் நாளின் மிகக் கூர்மையான ஒன்றரை மணி நேரம்.

புதிய நாளில் 9:45 முதல் 11:30 வரை முதல் வரைவு மட்டும். மின்னஞ்சல் 11:30-க்கு நகர்ந்தது. யாரும் செத்துப்போகவில்லை. அவசரமானவர்கள் தொலைபேசியில் கூப்பிட்டார்கள், அதுவும் மாதத்துக்கு இரண்டு முறை. மதியம் 2 முதல் 3:30 வரை பக்க வடிவமைப்பு, சொற்பட்டியலைப் புதுப்பித்தல், விலைப்பட்டியல் அனுப்புதல், பேசவேண்டிய தொலைபேசி அழைப்புகள். இவற்றில் தவறு வந்தால் உடனே கண்ணில் படும், திருத்துவதும் எளிது. எந்த வேலையைச் சரிவில் வைக்கலாம் என்று பார்க்க இது நல்ல சோதனை. தவறு உடனே தெரியுமானால் அந்த வேலை சரிவுக்குப் போகலாம், இரண்டு வாரம் கழித்து வேறொருவர் மேசையில் தெரியுமானால் போகக்கூடாது. மாலை 5 முதல் 6:30 வரை மறுபார்வை.

உச்சத்தின் நீளத்தில் ஒரு எச்சரிக்கை. மாலதி முதல் வாரம் ஆர்வத்தில் 9:45 முதல் 1 மணி வரை தொடர்ந்து உட்கார்ந்தார். மூன்றாவது மணி நேரத்தில் பிழை எண்ணிக்கை மதியத்தைத் தொட்டது. ஒரே மாதிரிக் கவனத்தை நீண்ட நேரம் பிடித்துவைத்தாலும் தரம் இறங்கும், நேரம் எவ்வளவு நல்ல நேரமாக இருந்தாலும். அவருக்கு ஒன்றேமுக்கால் மணி நேரம் சரியாக வந்தது. மூளை 90 நிமிடச் சுற்றில் இயங்குகிறது, அதனால் 90 நிமிடம்தான் சரி என்று எங்கும் எழுதுகிறார்கள். தூக்கத்தில் ஏறக்குறைய அப்படிச் சுற்று உண்டு. விழித்திருக்கும்போதும் அது இருக்கிறது என்ற எண்ணத்துக்கு ஆதாரம் பலவீனமானது. உங்கள் பிழைகள் கூடத் தொடங்கும் இடம்தான் உங்கள் எல்லை.

அப்புறம் அந்தக் கூட்டம். செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் 10:30-க்கு. மதியம் 2 மணிக்கு மாற்ற முடியுமா என்று கேட்டார். செவ்வாய் மாறியது, வியாழன் மாறவில்லை, அதில் வேறு நேர மண்டலத்தில் இருப்பவர்கள் இருந்தார்கள். அந்த வியாழன்களில் அவர் முதல் வரைவை மாலை 5 மணிக்குத் தள்ளி, மறுபார்வையை வெள்ளிக்கிழமைக்கு விட்டார். காலையில் மிச்சம் இருந்த 45 நிமிடத்தில் கடினமான வேலையைத் தொட்டுவிட்டு நிறுத்துவதை அவர் விட்டுவிட்டார். பாதியில் விட்ட வாக்கியத்துக்குத் திரும்பி வரும்போது, எங்கே இருந்தோம் என்று தேடுவதிலேயே கால் மணி நேரம் போனது.

சரிவுக்கு ஒரு பயன்

சரிவு வெறும் குப்பை நேரம் என்று நினைக்க வேண்டாம். 2011-இல் மரைக் வீத், ரோஸ் ஸாக்ஸ் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் மாணவர்களிடம் இரண்டு வகைப் புதிர்களைக் கொடுத்தார்கள். ஒரு வகை, படிப்படியாகக் கணக்கிட்டு விடை காண்பது. இன்னொரு வகை, திடீரென்று 'ஓ, அப்படியா!' என்று பொறி தட்டினால்தான் விடை கிடைப்பது. இந்த இரண்டாம் வகையை மாணவர்கள் தங்களுக்கு உகந்ததல்லாத நேரத்தில்தான் அதிகம் தீர்த்தார்கள். கவனத்தின் பிடி தளரும்போது, தொடர்பில்லாத எண்ணங்கள் உள்ளே வர இடம் கிடைக்கிறது என்பது அவர்கள் விளக்கம். ஒரே ஆய்வை வைத்து நாளைத் தலைகீழாக்க வேண்டியதில்லை. ஆனால் தலைப்பு யோசிப்பது, காலையில் முட்டிக்கொண்டு நின்ற ஒரு சொல்லுக்கு வேறு சொல் தேடுவது போன்றவற்றை மதியத்தில் போட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை. முடிவை மட்டும் மறுநாள் காலைக்கு விடுங்கள்.

எப்போது இந்த அட்டவணை பொய் சொல்லும்?

தொடர்ந்து குறைவாகத் தூங்குபவருக்கு அலையே மட்டமாகிவிடும்: எல்லா வேளையிலும் 2, எப்போதாவது 3. அளந்து பார்த்து உச்சமே தெரியவில்லை என்றால், நேரத்தை மாற்றி அடுக்குவதில் பயனில்லை, முதலில் இரண்டு வாரம் தூக்கத்தைக் கூட்டிவிட்டு மறுபடி அளக்க வேண்டும். போதுமான அளவு தூங்கியும் பல வாரம் அப்படியே இருந்தால் அது மருத்துவரிடம் பேசவேண்டிய விஷயம், நாட்குறிப்பின் விஷயம் இல்லை.

காபியும் படத்தைக் கலைக்கும். உடம்பில் போன கஃபீனில் பாதி கழிய ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் இது நிறையவே மாறும். மதியம் 3 மணிக்குக் குடித்தால் இரவு 8 மணிக்குப் பாதி இன்னும் உள்ளே இருக்கிறது. அது மதியப் பள்ளத்தை மூடிவிட்டு இரவுத் தூக்கத்தைக் கடிக்கும், மறுநாள் பள்ளம் இன்னும் ஆழமாகும். அளக்கும் பத்து நாளில் காபியை விடவேண்டாம், விட்டால் தலைவலிதான் பதிவாகும். தினமும் ஒரே நேரத்தில், ஒரே அளவு குடியுங்கள், அது போதும்.

இரவுப்பணி மாறி மாறி வருபவர்களுக்கும், இரவில் பலமுறை எழவேண்டிய கைக்குழந்தை உள்ளவர்களுக்கும் இந்த முறை அப்படியே உதவாது. அவர்களுக்கு அலை ஒரே இடத்தில் நிற்பதில்லை. அவர்கள் கடிகார நேரத்தை விட்டுவிட்டு, கடைசியாக நன்றாகத் தூங்கி எழுந்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று குறிப்பது கொஞ்சம் பயன்தரும்.

வயதும் அலையை நகர்த்தும். பதின்பருவத்தில் உச்சம் பின்னோக்கித் தள்ளிப்போய், இருபது வயதை ஒட்டி மிகவும் தாமதமாகி, அதன்பின் மெல்ல முன்னுக்கு வரும். இருபது வயது மகனுக்கும் ஐம்பது வயது அப்பாவுக்கும் காலை 7 மணியைப் பற்றி நடக்கும் சண்டையில் இரண்டு கடிகாரங்களும் பேசுகின்றன.

மாலதி தன் அட்டவணையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சரிபார்க்கிறார், முழுப் பத்து நாள் இல்லை, மூன்று நாள் மட்டும். மதியப் பக்கமும் காலைப் பக்கமும் பிழையில் நெருங்கிவந்திருந்தால் மட்டுமே மறுபடி முழு அளவெடுப்பு. கடந்த முறை எழும் நேரத்தை ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தார், ஆனால் உச்சம் முழு மணி நேரம் நகரவில்லை, அரை மணி நேரம்தான் நகர்ந்தது. அட்டவணையில் 9:45 என்றிருந்ததை அழித்து 9:15 என்று எழுதினார்.